ஊர்க்கணக்கும் நிலைத்த திறன்களும்

ஊர்க் கணக்கை எழுதியவர்க்குத் தமிழகம் வழங்கிய பெயர்கள் பல. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் அவரைக் கணக்கர் என்றும் கரணத்தார் என்றும் சுட்டுகின்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் அவர் கர்ணம் எனப்பட்டார். பேச்சு வழக்கில் கணக்குப்பிள்ளை ஆனார். 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரை ஊர்ப் பதவிகள் ஒழிக்கப்பட்டன. பின்னர்த் தேர்வு எழுதி அமர்த்தப்பெறும் கிராம நிர்வாக அலுவலர் அவ்விடத்தைப் பெற்றார். இப்பெயர்கள் மாறிய காலத்தில் அளவைகளும் மாறின, எழுதுபொருள்களும் மாறின. எனினும், இப்பணியைச் செம்மையாகச் செய்தற்கு வேண்டிய திறன்கள் மாறினவா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினாவாகும்.

முதற்கண் எண்ணறிவை நோக்குவோம். பழந்தமிழ்க் கணக்கில் ஒன்றினை இருபது கூறாக்கின் ஒரு கூறு மா. மாவின் நாற்கூறுள் ஒன்று காணி. ஆகவே காணி என்பது எண்பதில் ஒன்று. காணியின் நாற்கூறுள் ஒன்றாகிய முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. அது பதினாறில் ஒன்று. திண்ணைப் பள்ளி மாணாக்கர் எண்சுவடியைக் கொண்டு இவற்றை நாள்தோறும் ஒப்பித்தனர். நிலத்துக்கு அளவை வேலி. அதன் இருபதில் ஒரு கூறே மா நிலம். நெல்லுக்கு அளவை கலம். பன்னிரு குறுணி ஒரு கலம், எட்டு நாழி ஒரு குறுணி.

இனி விளக்கத்தின் பொருட்டு நாமே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக் கொள்வோம். ஒருவன் நிலம் மும்மாவும் ஒரு காணியும் ஆகும். இறை, முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளிற் காணப்படும் வீதப்படி, வேலிக்கு 100 கலம் எனக் கொள்வோம். மா ஒன்றுக்கு 5 கலம். மும்மாவுக்கு 15 கலம். காணிக்கு அதன் நாற்கூறாகிய 1 கலம் 3 குறுணி. ஆக மொத்தம் 16 கலம் 3 குறுணி. இதற்கு வேண்டுவது நெடிய பெருக்கல் அன்று. மா இன்னது, காணி இன்னது என்னும் விகிதம் உள்ளத்தில் நின்றால் விடை தானே அமையும்.

ஆயின் இடர்ப்பாடு எழுத்தில் தோன்றுகிறது. ஓலையில் சொற்களுக்கிடையே வெளிவிடும் வழக்கம் இல்லை. புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. மும்மாவும் காணியும் சேர்ந்த அளவை உம்மையின்றி 'மும்மாகாணி' என ஒருவர் பொறித்துவிட்டால், அதனைப் படிப்பவர் மூன்று மாகாணி என்று கொள்ளவும் இடமுண்டு. முன்னது எண்பதில் பதின்மூன்று. பின்னது எண்பதில் பதினைந்து. பின்னதற்கு இறை 18 கலம் 9 குறுணி. ஓர் உம்மை விடுபட்டதால் உழவன் 2 கலம் 6 குறுணி, அஃதாவது 240 நாழி நெல், மிகுதியாக இறுக்க நேரும். அதுவும் ஓராண்டோடு ஒழியாது. அவ்வேட்டைப் பார்த்துப் படியெடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் தொடரும்.

இதனைத் தடுக்கும் வழியையும் பழைய ஆவணங்களே காட்டுகின்றன. அவை நிலத்தின் அளவை மட்டும் கூறி அமைவதில்லை. கீழ்பாற்கெல்லை, தென்பாற்கெல்லை, மேல்பாற்கெல்லை, வடபாற்கெல்லை என நான்கினையும் கூறுகின்றன. இறை நெல்லையும் தனியே குறிக்கின்றன. ஓலையில் இறை 16 கலம் 3 குறுணி என்றும் இருக்குமாயின், நிலம் மும்மாவும் காணியும் என்பது ஐயமின்றித் துணியப்படும். ஒன்றனை இரு வழியாற் கூறுதல் வெற்றுரை அன்று. ஒரு கூற்றின் பிழையை மற்றொரு கூற்று காட்டிக் கொடுக்கிறது. தெளிவான எழுத்து என்று நாம் கூறுவது இதனையே. அழகிய நடை வேறு; இருபொருள் படாத எழுத்து வேறு.

மூன்றாவது திறன் எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் எனத் துணியும் தேர்ச்சி. இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நில அளவு நுணுகிச் செல்கிறது என்பர் கல்வெட்டறிஞர். முந்நூற்றிருபதில் ஒன்றைக் குறிக்கும் 'கீழ்' என்னும் சொல்லை அடுக்கிச் சொல்வதனால் இந்நுண்மை பெறப்படுகிறது. இதனைக் கொண்டு அக்காலத்தார் அவ்வளவு நுண்ணிதாக நிலத்தை அளந்தனர் எனப் போற்றுவோர் உளர். வேலியை ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கராகக் கொள்ளின், அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டரே ஆகும். பதினாறு சாண் கோலால் இதனை அளத்தல் இயலாது. ஊரின் மொத்த நிலத்தினின்று ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைப் பின்னங்களாகக் கழிக்கும்போது எஞ்சிய கணக்கே அது என்பது எமது துணிபு. கோல் தந்த எண் வேறு. கழித்தல் தந்த எண் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறியாதவர் எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டாலும் நல்ல கணக்கர் ஆகார்.

இத்திறன்களின் பயன் எழுதுபவரது பொறுப்பைச் சார்ந்ததாகும். பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் இதனை உணர்த்துகின்றன. கணக்கெழுதுவோன் தான் எழுதிய கணக்கைத் தானே கொணர்ந்து காட்டல் வேண்டும். அதனை முடித்தற்குப் பிறிதொரு கணக்கன் புகலாகாது. பெருமக்கள் முன் கணக்குக் காட்டித் தூயன் எனப்படும் வரை அவனுக்கு மீண்டும் அப்பணி இல்லை. இவ்விதியின் நோக்கம் வெளிப்படை. பிறர் படித்து ஆராயத்தக்க கணக்கே கணக்கு. பிற்காலத்தில் இப்பணி சில குடிகளின் உரிமையாகி, ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரே என்ற நிலை தோன்றியபோது, அதே எண்ணறிவு உழவரை அடக்கும் கருவியாகவும் ஆயிற்று. ஆகவே 1980 ஆம் ஆண்டு மாற்றத்தால் ஒழிந்தது பிறப்புரிமையே அன்றித் திறன் அன்று.

1957 இல் நாணயமும், அதனையடுத்து எடையும் அளவையும் பதின்கூற்று முறைக்கு மாறின. மாவும் காணியும் அலுவலக ஏட்டினின்று மறைந்தன. ஆயினும் பழைய பிழை புதிய உருவில் வருதலைக் காண்கிறோம். சிட்டாவில் நிலப்பரப்பு எக்டேர், ஏர் என இரு கூறாக எழுதப்படுகிறது. நூறு ஏர் ஓர் எக்டேர். '0 – 5' என்பது 5 ஏர், அஃதாவது ஏறத்தாழப் பன்னிரண்டரை செண்டு. அதனைத் தசமப் புள்ளி எனக் கருதி அரை எக்டேர் என்று படிப்பவர், நிலத்தைப் பத்து மடங்காக்கி ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக மதித்துவிடுவார். இங்கும் காப்பது பழைய முறையே. புலத்தின் எல்லையையும் தீர்வையையும் ஒப்பு நோக்கின் பிழை வெளிப்படும்.

எனவே அழிந்தவை இவை, நின்றவை இவை என நாம் வகுத்துக் கூறலாம். ஒப்பித்த வாய்பாடும், எழுத்தாணியும், பதவிப் பெயரும் காலத்தோடு கழிந்தன. ஓர் அளவையினின்று மற்றோர் அளவைக்கு விகிதம் பிறழாது செல்லுதல், பிறர் வேறுபடப் படிக்க இடந்தராது எழுதுதல், அளந்த எண்ணையும் கணித்த எண்ணையும் வேறுபிரித்துத் துணிதல் ஆகிய மூன்றும் நின்றன. ஓலையில் விடுபட்ட உம்மையை அன்று கண்டறிந்தவர், சிட்டாவில் தவறாகப் படிக்கப்பட்ட கோட்டை இன்றும் கண்டறிவார்.