தாவுதல் குறையும் பூனை: நெகிரி செம்பிலான் தோட்டக் குடியிருப்புகளில் மறைந்த வலியைக் கணித்தல்

ஆய்வுச் சுருக்கம்

நாட்பட்ட மூட்டுவலியுள்ள பூனை பெரும்பாலும் கத்துவதில்லை, தெளிவாக நொண்டுவதுமில்லை. அதனால் அதன் வலி முதுமை என்றே கணக்கிடப்படுகிறது. தாவுதல், உடலை நக்கிச் சுத்தம் செய்தல், இருக்கும் நிலை, ஒளிந்துகொள்ளுதல் ஆகிய நான்கும் தனித்தனியே ஐயத்துக்குரிய அறிகுறிகள். அதே பூனையின் பழைய வழக்கத்தோடு ஒப்பிட்டு நான்கையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் அவை சான்றாகின்றன என்பதும், மேலைநாட்டு வீடுகளை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்ட அளவுகோல்களைத் தோட்டத்து வீட்டின் அமைப்புக்கேற்பத் திருத்த வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1. எக்ஸ்ரே சொல்வதும் சொல்லாததும்

பாஹாவ், ரந்தாவ், லிங்கி, தம்பின் வட்டாரங்களின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் பூனை பாதி வீட்டுப் பிராணி, பாதி வெளிப் பிராணி. எலி பிடிக்கும், குசினியில் மீன்தலைக்குக் காத்திருக்கும், இரவில் எங்கோ போய்விட்டு விடியலில் திரும்பும். இப்படிப்பட்ட பூனை பத்து வயதை நெருங்கி அடுப்பு மேடைக்குத் தாவுவதை விட்டுவிட்டால், வீட்டார் அதை நல்ல பழக்கம் வந்ததாகக்கூட எடுத்துக்கொள்ளலாம். அல்லது "கிழடாயிடுச்சு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள்.

அந்தச் சொல் எவ்வளவை மூடுகிறது என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டின. ஹார்டியும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், 12 வயதைத் தாண்டிய பூனைகளில் 90 விழுக்காட்டின் எக்ஸ்ரே படங்களில் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. லாசெல்ஸ் குழுவினர் 2010இல் எல்லா வயதிலும் எழுந்தமானமாகத் தேர்ந்த 100 பூனைகளைப் படமெடுத்தபோது 92 பூனைகளில் ஏதாவதொரு மூட்டில் தேய்மானம் இருந்தது.

ஆனால் தேய்மானம் படத்தில் தெரிவதும் வலி இருப்பதும் ஒன்றல்ல. படத்தில் மோசமாகத் தோன்றும் மூட்டு வலிக்காமல் இருக்கலாம். படம் தெளிவாக இருந்தும் தொட்டால் பூனை சீறலாம். ஆகவே கேள்வி நடத்தைக்கே திரும்புகிறது. நடத்தையை மருத்துவமனையில் பார்ப்பதும் கடினம். கூண்டில் ஏற்றி, வண்டியில் குலுக்கி, செரம்பானில் மருத்துவரின் மேசைமேல் இறக்கப்பட்ட பூனை அசையாமல் உறைந்துவிடும். அங்கே அது நடந்தும் காட்டாது, தாவியும் காட்டாது. வீட்டாரின் நினைவும் அவர்கள் கைப்பேசியில் எடுத்த காணொளியும்தான் இங்கே முதன்மைச் சான்று.

2. நொண்டாத வலி

ஒரு காலில் வலித்தால் விலங்கு மறுகாலுக்கு எடையை மாற்றும், அதுவே நொண்டல். பூனையின் மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இரு பக்கமும் வருகிறது. இரண்டு இடுப்பும் அல்லது இரண்டு முழங்கையும் வலித்தால் எடையை மாற்ற இடமில்லை. அப்போது பூனை நடையை மாற்றுவதைவிட வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்கிறது: தாவாது, துரத்தாது, ஏறாது.

கிளார்க், பென்னட் இருவரும் 2006இல் மூட்டழற்சியுள்ள 28 பூனைகளை ஆராய்ந்தபோது, தாவும் திறனில் மாற்றம் 71 விழுக்காட்டிலும் தாவும் உயரத்தில் குறைவு 67 விழுக்காட்டிலும் காணப்பட்டன. நொண்டல் அவ்வளவு பரவலாக இல்லை. மூட்டுவலியைத் தேடுபவர் காலைவிட உயரங்களைப் பார்ப்பதே பொருத்தம்.

தாவாமை முழுமையாக வருவதற்கு முன் தாவும் விதம் மாறுகிறது. நலமான பூனை மேடையை ஒருமுறை பார்த்துவிட்டு ஒரே எழும்பலில் போய் நிற்கும். வலியுள்ள பூனை பின்னங்காலை இருமுறை மூன்றுமுறை ஊன்றித் தயங்கும். மேடை விளிம்பை முன்னங்காலால் பற்றித் தன்னை இழுத்துக்கொள்ளும். அல்லது பெஞ்சில் ஏறி, அங்கிருந்து மேடைக்குப் போகும். இறங்கும்போது முன்னங்கால்களைச் சுவரோடு சரித்துக் கீழே கொண்டுவந்து, மீதித் தூரத்தை மட்டும் குதிக்கும்.

எனோமோட்டோ, லாசெல்ஸ், குருயன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட சோதனைப் பட்டியல் ஆறு செயல்களைக் கேட்கிறது: மேலே தாவுதல், கீழே குதித்தல், ஓடுதல், படியேறுதல், படியிறங்குதல், அசையும் பொருளைத் துரத்துதல். தோட்டத்து லயங்கள் பெரும்பாலும் ஒற்றைத்தள வீடுகள். மாடிப்படி இல்லாத வீட்டில் இரண்டு கேள்விகளுக்கு விடையே இல்லை. இல்லாத படியைப் பூனை ஏறவில்லை என்பதால் எதுவும் நிறுவப்படாது. அந்த இரண்டின் இடத்தில் வீட்டிலேயே இருக்கும் உயரங்களைக் கேட்கலாம்: குளியலறைத் தொட்டியின் விளிம்பு, மோட்டார் சைக்கிள் இருக்கை, சன்னல் திட்டு, வேலிச் சுவர். இது பட்டியலின் மதிப்பெண் முறைக்கு ஈடாகாது. அதன் நோக்கத்தை இந்த வீட்டுக்குப் பொருத்துவது மட்டுமே. பெஞ்சை நகர்த்தி வைத்துவிட்டால் கணக்கே மாறிவிடும் என்பதால், கவனிக்கும் காலத்தில் தளவாடங்கள் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

3. முதுகின் மேல் மயிர்

பூனை தன் முதுகையும் வால் அடியையும் நக்க, முதுகெலும்பை வளைத்துத் திருப்ப வேண்டும். இடுப்பும் கீழ்முதுகும் வலித்தால் எட்டாமல் போகும் இடங்கள் இவையே. முகமும் மார்பும் சுத்தமாக இருக்க, வால் அடியில் மட்டும் மயிர் திரண்டு, பொடுகு படிந்து, எண்ணெய்ப் பசையாகக் கிடந்தால் அது சோம்பல் ஆகாது. நகங்களும் இதே கதையைச் சொல்கின்றன. மரத்தில் பிறாண்டுவது குறையும்போது நகம் தடித்து வளைந்து, சிமெண்டுத் தரையில் டக்டக்கென்று ஒலிக்கும்.

இங்கே வெப்பமண்டலத்துக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. ஆண்டு முழுவதும் தெள்ளுப்பூச்சி இருக்கும் ஊரில், வால் அடி மயிர் கெடுவதற்கு அதுவும் காரணமாகும். இரண்டையும் பிரித்தறியலாம். தெள்ளுக்கு ஒவ்வாமை உள்ள பூனை அந்த இடத்தை மிகையாக நக்கும்; மயிர் முறிந்து குட்டையாகி, தோல் தெரியும். வலியுள்ள பூனையின் மயிர் முறிவதில்லை. நீளமாகவே இருந்து சிக்குப் பிடிக்கும். சீப்பால் வாரி வரும் கரும்பொடியை ஈரத் தாளில் வைத்தால், தெள்ளின் எச்சம் செம்பழுப்பாகக் கரையும், மண் கரையாது. வலி மிகையான நக்கலையும் தரக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. அடிவயிற்றை மட்டும் வழுக்கையாகும்வரை நக்கும் பூனைக்குச் சிறுநீர்ப்பை அழற்சி இருக்கலாம்.

4. இருக்கும் நிலையும் ஒளிதலும்

மொண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2019இல் வெளியான பூனை முகபாவ அளவுகோல் ஐந்தைப் பார்க்கிறது: காது, கண், மூக்குவாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தோளோடு ஒப்பிட்ட தலையின் உயரம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 10க்கு 4 வந்தால் வலிநிவாரணி தேவைப்படலாம் என்று கொள்வர். காது விரிந்து வெளிப்பக்கம் திரும்புவதும், கண் இடுங்குவதும், தலை தோளுக்குக் கீழே தாழ்வதும் உயர்ந்த மதிப்பெண் பெறும். இது திடீர் வலிக்கு, குறிப்பாக அறுவைக்குப் பிந்திய வலிக்கு, நன்கு சோதிக்கப்பட்ட கருவி. ஆண்டுக்கணக்கில் சுமந்த மூட்டுவலியை முகம் அதேபோல் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. முகம் தெளிவாக இருப்பதால் வலி இல்லை என்று தீர்ப்பது இந்தக் கருவியைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

நாட்பட்ட வலியில் முகத்தைவிட உடம்பு உதவுகிறது. கால்களை மடக்கி உட்காரும் பூனை எல்லாம் வலியில் இருப்பதில்லை. தோள் தளர்ந்து, தலை நிமிர்ந்து, காது முன்னோக்கி இருந்தால் அது ஓய்வு. முதுகு கூனி, முழங்கை உடம்போடு ஒட்டி, எடையை முழுதாகத் தரையில் விடாமல் குந்தியிருந்தால் அது வேறு. தாழ்நிலத்தின் நண்பகல் வெயிலில் நலமான பூனை சிமெண்டுத் தரையில் நீட்டிக் கிடக்கும். அந்த நேரத்திலும் ஒரு பூனை கூனியே இருப்பது கவனிக்கத் தக்கது.

ஒளிதல் நான்கிலும் பலவீனமான சான்று. இடி, தெருநாய், புது வீட்டுக்குக் குடிபெயர்தல், தீபாவளி வெடி என எதுவும் பூனையைக் கட்டிலுக்கடியில் அனுப்பும். ஆனால் அச்சத்தால் ஒளியும் பூனை காரணம் நீங்கியதும் வெளிவரும். காரணமின்றி நாட்கணக்கில் நீடிப்பதும், அலமாரி உச்சியில் உறங்கியது தரைமட்டத்துக்கு இடம் மாறுவதும்தான் பொருளுடையவை. இரண்டாவதில் ஒளிதல் என்று நாம் பார்ப்பது உண்மையில் தாவ இயலாமையே.

மெரோலாவும் மில்ஸும் 2016இல் வல்லுநர் கருத்தைத் திரட்டி வலியைக் காட்டும் 25 அறிகுறிகளைத் தொகுத்தனர். இந்த நான்கும் அவற்றில் உள்ளன. அவற்றில் எதுவும் வலிக்குக் கட்டாயமானதன்று என்பதே அந்த ஆய்வின் முக்கிய முடிவு. ஓர் அறிகுறி இருந்தால் வலியை ஐயுறலாம். இல்லாமையைக் கொண்டு வலியை மறுக்க முடியாது.

5. ஒரு மாதிரிப் பூனை

விளக்கத்துக்காக ஒரு பூனையைக் கற்பித்துக்கொள்வோம். வயது 11, எடை 4 கிலோ, காயடித்த ஆண். ஈராண்டுக்கு முன் தரையிலிருந்து குசினி மேடைக்கு நேராகத் தாவி, சன்னல் வழியே வெளியே போகும். இப்போது பெஞ்சு வழியாகவே ஏறுகிறது. வால் அடி மயிர் சிக்கலாக இருக்கிறது, முறியவில்லை, ஈரத் தாள் சோதனையில் தெள்ளு இல்லை. அலமாரி உச்சியை விட்டுக் கட்டிலுக்கடியில் உறங்குகிறது. முதுகைத் தடவினால் திரும்பிச் சீறுகிறது. சோறு மட்டும் நன்றாகத் தின்கிறது. "நல்லா சாப்பிடுதே, என்ன வலி?" என்ற எதிர்வாதம் இங்கே எழும். மூட்டுவலியில் பசி குறைய வேண்டியதில்லை. தட்டு தரையில்தானே இருக்கிறது.

இதிலிருந்து மருத்துவர் மூட்டுகளைத் தொட்டுப் பார்த்து, சிறுநீரகத்தை இரத்தப் பரிசோதனையால் சரிபார்த்து, சில வாரங்களுக்கு வலிமருந்து தரலாம். நடத்தை திரும்பினால் வலி உறுதியாகும் என்பது ஏற்கத்தக்கதாகத் தோன்றினாலும், வீட்டாரின் எதிர்பார்ப்பே முன்னேற்றத்தைக் கண்டுவிடும். குருயன் குழுவினரின் 2014 ஆய்வில், மெலாக்சிகாம் பெற்ற பூனைகளும் வெற்று மருந்து பெற்றவையும் ஒன்றுபோல் தேறியதாக உரிமையாளர்கள் சொன்னார்கள். உரிமையாளர் அறியாமல் மருந்தை வெற்று மருந்தாக மாற்றிய பிறகே, உண்மை மருந்து பெற்ற பூனைகள் மீண்டும் சரிவதை அவர்கள் கண்டுகொண்டனர். ஆகவே தேறியதைவிட, மருந்து நின்றபின் மீண்டும் குறைந்ததே வலுவான சான்று. வீட்டில் இதை ஓரளவு பின்பற்றலாம்: மருத்துவர் சொன்னபடி மருந்து தருபவர் ஒருவர், என்று நிறுத்தப்பட்டது என்பதை அறியாமல் தாவலைக் குறிப்பவர் இன்னொருவர்.

இந்தச் சோதனையை வீட்டு மருந்தால் செய்யக் கூடாது. பாரசிட்டமாலை முறிக்கும் ஈரல் நொதி பூனைக்குப் போதாது. 500 மில்லிகிராம் பனடோல் ஒன்று 4 கிலோ பூனைக்குக் கிலோவுக்கு 125 மில்லிகிராம். இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி உயிர் போகும் அளவு அது. தைலம் தடவுவதும் தீங்கே. பூனை அதை நக்கி விழுங்கிவிடும்.

6. எல்லையும் முடிவும்

மாதக்கணக்கில் ஒப்பிடும் இம்முறை மெல்ல வரும் வலிக்கே உரியது. ஆண் பூனை சிறுநீர் கழிக்க முயன்று முயன்று துளியும் வராமல் முனகினால் அது சில மணிநேர அவசரம்; அங்கே கவனித்துக் குறித்துக்கொண்டிருப்பது கொலைக்குச் சமம். கண்ணில் படாமல் வெளியிலேயே வாழும் தோட்டப் பூனைகளுக்கும் இம்முறை பொருந்தாது. அவற்றின் பழைய வழக்கத்தை அறிந்தவர் யாரும் இல்லை.

மீதிப் பூனைகளுக்கு, முதுமை என்ற விளக்கம் பிழையென்று முன்கூட்டியே முடிவு செய்யத் தேவையில்லை. அது சோதிக்கப்பட வேண்டிய கூற்று என்றால் போதும். பூனை ஏழெட்டு வயதில் நலமாகத் தாவும்போதே மேடைக்கும் சன்னலுக்கும் போவதை ஒரு காணொளியில் எடுத்து வைத்த வீட்டாரிடம், அதைச் சோதிக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது.