மதுவிலக்கும் மூன்று கோட்பாடுகளும்: பால்சாரா முதல் தீப் சந்த் வரை

சாரப்பொருள், பிரிப்பு, கிரகணம் ஆகிய மூன்று கோட்பாடுகளும் பாடநூல்களில் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வருவதால், மூன்றும் ஒரே வேலையைச் செய்வன என்ற எண்ணம் மாணவரிடையே எளிதில் தோன்றிவிடுகிறது. உண்மையில் அவை மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. அந்தச் சட்டத்தை இயற்ற யாருக்கு அதிகாரம்? அதில் எவ்வளவு பிழைக்கும்? செல்லாத பகுதி இறந்துவிட்டதா, உறங்குகிறதா? 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் வரலாறு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

அச்சட்டத்தை எதிர்த்துப் பம்பாய் உயர்நீதிமன்றத்தை நாடியவர் பால்சாரா. அந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1951 மே 25 அன்று தீர்ப்பளித்தது. முதற்கேள்வி அதிகாரம் பற்றியது. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி, போதை தரும் மதுவகைகளின் உற்பத்தி, உடைமை, விற்பனை ஆகியன மாகாணப் பட்டியலில் இருந்தன. சுங்க எல்லை கடந்த இறக்குமதியோ கூட்டாட்சிப் பட்டியலில் இருந்தது. வெளிநாட்டு மதுவை வைத்திருக்கக் கூடாது என்றால் அதை இறக்குமதி செய்வதில் பயனில்லை. ஆகவே மாகாணம் எல்லை மீறிவிட்டது என்பது வாதம். நீதிபதி பசல் அலி எழுதிய தீர்ப்பு அதை ஏற்கவில்லை. சட்டத்தின் சாரம் மதுவிலக்கே. இறக்குமதியின் மீது விழும் பாதிப்பு அதன் பக்கவிளைவு மட்டுமே. ஒரு சட்டம் எதைத் தொடுகிறது என்பதைவிட, அது எதைப் பற்றியது என்பதே அதிகாரத்தைத் தீர்மானிக்கும் என்றது சாரப்பொருள் கோட்பாடு.

அதிகாரம் உண்டு என்று முடிவானாலும் அடிப்படை உரிமைத் தடை எஞ்சியிருந்தது. மது என்ற சொல்லுக்குச் சட்டம் தந்த பொருள்வரையறை, ஆல்ககால் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும்கூட உள்ளடக்கியது. அவற்றை வைத்திருப்பதையும் பயன்படுத்துவதையும் தடுப்பது நியாயமான கட்டுப்பாடு அன்று என நீதிமன்றம் கருதியது. ஒரு பகுதி வீழ்ந்தால் முழுச் சட்டமும் வீழவேண்டும் என்ற வாதம் எழுந்தது. செல்லாத பகுதி ஏனையவற்றோடு பிரிக்கவியலாதபடி பின்னிப் பிணைந்திருக்கவில்லை என்று கூறி, நீதிமன்றம் சட்டத்தின் பெரும்பகுதியைக் காத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 13ஆம் உறுப்பு, முரண்படும் அளவுக்கு மட்டுமே சட்டம் செல்லாது என்கிறது. பிரிப்புக் கோட்பாட்டின் வேர் அந்த ‘அளவுக்கு’ என்ற சொல்லில் உள்ளது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீதிமன்றம் வெட்டியது சட்டத்தின் சொற்களை அன்று. அவை பொருந்தும் பரப்பை. 13(ஆ) பிரிவின் வாசகம் அப்படியே நின்றது. மருந்துகள் மட்டும் அதன் பிடியிலிருந்து விலகின. அப்படியானால், மது அருந்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தாம் உட்கொண்டது மருந்தே என்றால், மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? 1954இல் பெசிகாக்கா வழக்கில் இக்கேள்வி எழுந்தது. உட்கொண்டது தடைசெய்யப்பட்ட மதுவே என்று அரசுத்தரப்புதான் மெய்ப்பிக்க வேண்டும் என்று பெரும்பான்மையினர் முடிவு செய்தனர். ‘செல்லாது’ என்பதன் பொருள் என்ன என்ற அடிப்படைக் கேள்வியையும் அவ்வழக்கு கிளறிவிட்டது.

அதற்கு ஒரு விடை மறு ஆண்டே வந்தது. களம் மட்டும் மதுவிலிருந்து பேருந்துக்கு மாறியது. மத்திய மாகாணத்தின் 1947ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், போக்குவரத்துத் தொழில் முழுவதையும் அரசே மேற்கொள்ள வழிசெய்தது. 1950 சனவரி 26 அன்று அது குடிமக்களின் தொழில் உரிமையோடு முரண்பட்டது. 1951 சூன் 18 அன்று முதலாவது திருத்தம் அரசின் தனியுரிமைக்கு இடமளித்தது. 1955இல் அரசு அச்சட்டத்தைப் பயன்படுத்த முனைந்தபோது, இறந்த சட்டம் எழாது என்று பிகாஜி நாராயண் முதலானோர் வாதிட்டனர். சட்டம் இறக்கவில்லை, அடிப்படை உரிமையின் நிழல் அதன்மேல் விழுந்திருந்தது, திருத்தம் நிழலை நீக்கியது என்றது நீதிமன்றம். அந்த இடைக்காலத்திலும் பழைய நிகழ்வுகளுக்கும் குடிமக்கள் அல்லாதாருக்கும் சட்டம் உயிரோடுதான் இருந்தது. மறுபடி இயற்ற வேண்டிய தேவை எழாததற்குக் காரணம் இதுவே.

இதன் எல்லையை 1959இல் தீப் சந்த் வழக்கு வகுத்தது. அரசமைப்புக்குப் பின் அடிப்படை உரிமையை மீறிப் பிறக்கும் சட்டம், உயிரின்றியே பிறக்கிறது. திருத்தம் வந்தாலும் எழாது என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள். தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் இதில் மாறுபட்டார். 1974இல் அம்பிகா மில்ஸ் வழக்கு, குடிமக்களுக்கு மட்டும் உரிய உரிமையை மீறும் பின்னைச் சட்டமும் ஏனையோரைப் பொறுத்தமட்டில் செல்லும் என்று கூறி, அந்தக் கோட்டை ஓரளவு தளர்த்தியது.

ஆகவே ஒரு வழக்கை ஆராய்வோர் வரிசையைப் பேணுதல் வேண்டும். அதிகாரமே இல்லாத சட்டத்தின் மீது கிரகணத்தைப் பேசுவது வீண். சட்டமன்றம் எஞ்சிய பகுதியை மட்டும் இயற்றியிருக்குமா என்று கேளாமல் பிரிப்பைப் பேசுவது, நீதிமன்றமே புதுச் சட்டம் எழுதுவதாக முடியும்.