பால்டிமோர் அறையும் கொடைக்கானல் கூடாரமும்

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ பனியன் கம்பெனி லீவு விட்டால், குன்னத்தூர், ஊத்துக்குளிப் பக்கத்து இளவட்டங்கள் தாராபுரம், பழனி வழியாகக் கொடைக்கானலுக்கு வண்டி கட்டுவது வழக்கம். பெரும்பாலானோர் ஏரியையும் தூண்பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு சிலர் காளானுக்காகவே போகிறார்கள். போதைக் காளான் விற்றவர் கைது என்று கொடைக்கானலிலிருந்து செய்தி வருவது புதிதல்ல. திரும்பி வருகிறவர்கள் சொல்லும் கதை இரண்டு வகை. "மரமெல்லாம் மூச்சு விட்டுச்சு, சாமியவே பாத்த மாதிரி இருந்துச்சு" என்பான் ஒருவன். "செத்துட்டேன்னே நெனச்சேன், இனிமே அந்தப் பக்கமே வேண்டாம்" என்பான் அவனோடு போன இன்னொருவன். ஒரே காளானை ஒரே இரவில் தின்றவர்கள். 'சரக்கு அப்படி' என்று இதற்குக் காரணம் சொல்வார்கள். அது பாதிக் காரணம்கூட ஆகாது.

இந்தக் காளானில் இருப்பது சைலோசைபின். உடலுக்குள் போனதும் அது சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் அமரவேண்டிய ஓர் ஏற்பியில் போய் அமர்கிறது. 5-HT2A என்பது அந்த ஏற்பியின் பெயர். எல்எஸ்டியும் பெயோட்டி கள்ளியிலுள்ள மெஸ்கலினும் அதே இடத்தைத்தான் பிடிக்கின்றன. கெட்டான்செரின் என்ற மருந்தை முதலில் கொடுத்து அந்த இடத்தை அடைத்துவிட்டால், பிறகு சைலோசைபின் கொடுத்தாலும் மாயக்காட்சி வருவதில்லை. 1998இல் சுவிட்சர்லாந்தில் ஃபோலன்வைடர் குழு இதைச் செய்து காட்டியது.

அந்த இடத்தைப் பிடித்ததும் சுவர் ஏன் அலையாடுகிறது? நாம் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை என்பதில் தொடங்க வேண்டும். செக்கிங் மேசையில் பத்து வருடம் நின்றவர் துணியை இழை இழையாகப் பார்ப்பதில்லை. துணி எப்படி இருக்கும் என்று அவர் மூளைக்கு முன்பே தெரியும். ஓட்டையோ எண்ணெய்க் கறையோ வந்தால்தான் கண் நிற்கும். எல்லோருடைய மூளையும் உலகை இப்படித்தான் முன்கணித்துப் பார்க்கிறது. சைலோசைபின் இந்த முன்கணிப்பின் பிடியைத் தளர்த்துகிறது என்பது கார்ஹார்ட்-ஹாரிஸும் ஃபிரிஸ்டனும் 2019இல் முன்வைத்த கருதுகோள். முடிந்த முடிவல்ல என்றாலும், தெரிந்தவற்றோடு நன்றாகப் பொருந்துகிறது. பிடி தளர்ந்தால் வழக்கமாக வடிகட்டப்படும் சிறு அசைவும் நிறமும் பழைய நினைவும் மேலே வருகின்றன. அவற்றுக்கு என்ன பொருள் கொடுப்பது என்பதை, அந்த நேரத்தில் மனத்தில் கிடப்பதும் சுற்றி இருப்பதும் முடிவு செய்கின்றன. காளானுக்குள் சாமியும் இல்லை, பேயும் இல்லை.

இனி தலைப்பிலுள்ள இரண்டு இடங்களுக்கு வருவோம். அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 36 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. 70 கிலோ எடைக்கு 30 மில்லிகிராம் சைலோசைபின், தூய்மையாகத் தயாரித்து, அளந்து கொடுக்கப்பட்டது. குடும்பத்தில் மனச்சிதைவு போன்ற கடும் மனநோய் உள்ளவர்களை முதலிலேயே விலக்கினார்கள். மருந்துக்கு முன்பே கூட இருக்கப்போகிறவரோடு பல மணி நேரப் பேச்சு. வீட்டுக்கூடம் போல அமைத்த அறை, சோபா, கண்பட்டை, காதில் இசை, பக்கத்திலேயே ஆள், ஒரு நாள் முழுக்க. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது, மூன்றில் இரண்டு பங்கினர் அதைத் தம் வாழ்வின் மிக அர்த்தமுள்ள ஐந்து அனுபவங்களுள் ஒன்றாகச் சொன்னார்கள்.

ஆனால் அதே அறையிலும் பத்துக்கு மூன்று பேருக்குக் கடும் பயம் வந்தது. அறை பயத்தைத் தடுக்கவில்லை. பயந்தவரை எழுந்து ஓடவிடாமல், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு கூட இருந்ததால் அது ஆபத்தாக முற்றவில்லை. இன்னொன்றும் உண்டு. அந்த 36 பேரும் முன்பே வழிபாடு, தியானம் என்று பழகியவர்கள். ஆன்மிக அனுபவம் அவர்களுக்கு வந்ததில் எனக்கு வியப்பில்லை; பாதி மனநிலை ஆய்வறைக்கு வருமுன்பே தயாராக இருந்தது.

கொடைக்கானலில் நடப்பதை இதன் பக்கத்தில் வையுங்கள். வாரம் முழுக்க ஓவர்டைம் பார்த்து, இரவெல்லாம் பயணம் செய்து, தூக்கமில்லாமல் வந்த நாலு பேர். காளானில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று விற்றவனுக்கும் தெரியாது, தின்பவனுக்கும் தெரியாது; ஒரே பறிப்பில்கூட ஒன்றுக்கொன்று வேறுபடும். அரை மணியில் ஒன்றும் ஆகவில்லையே என்று மேலும் தின்கிறார்கள். ஏறத்தாழ ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் உச்சம் வரும்போது முதலில் தின்றதும் பிறகு தின்றதும் சேர்ந்து வருகிறது. குளிர், இருட்டு, பக்கத்தில் பள்ளம். கூட இருப்பவர்களும் அதே நிலையில்தான். இதற்கு மேல் போலீஸ் பயம். சைலோசைபின் போதைப்பொருள் தடைச் சட்டத்தின்கீழ் வருவதால் அது வீண்பயமல்ல. மலைப்பாதையில் ஒரு ஜீப்பின் விளக்கு திரும்பினாலும், பிடி தளர்ந்த மூளை அதை நம்மைத்தான் தேடுகிறார்கள் என்று படித்துக்கொள்ளும். சட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பயமும் சூழலின் ஒரு பகுதி என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்படி ஒப்பிடுவதற்கு முன்னோடி உண்டு. மானிடவியலாளர் அந்தோணி வாலஸ் 1959இல், ஆய்வகத்தில் மெஸ்கலின் எடுத்த வெள்ளையர்களையும், வழிபாட்டில் பெயோட்டி தின்ற அமெரிக்கப் பூர்வகுடியினரையும் எதிரெதிரே வைத்தார். முன்னவர்களின் மனநிலை தாறுமாறாக ஏறி இறங்கியது, கூச்சம் கழன்றது, சந்தேகம் தலைதூக்கியது. பின்னவர்கள் அடக்கமாக அமர்ந்திருந்தார்கள், பக்தி கொண்டார்கள், கண்ட காட்சிகளும் அவர்கள் மரபில் கேட்டு வளர்ந்தவையாகவே இருந்தன. இரு பக்கமும் உட்கொண்டது சரியாக ஒரே பொருளல்ல, கள்ளியில் வேறு வேதிப்பொருள்களும் உண்டு என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அந்த மறுப்புக்கு கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2020இல் வெளியிட்ட ஓர் ஆய்வு ஓரளவு பதில் தருகிறது. சைலோசைபின் போன்ற மருந்து என்று சொல்லி 33 மாணவர்களுக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். வண்ண விளக்கு, இசை, ஓவியங்கள், போதை ஏறியதுபோல் நடிக்கச் சிலர். சுமார் 60 விழுக்காட்டினர் ஏதோ ஒரு மாற்றத்தை உணர்ந்ததாகச் சொன்னார்கள். மருந்தே இல்லாமல் இடம் இவ்வளவு செய்யும்.

ஆகவே, 'அமெரிக்காவில் இதை வைத்து மன அழுத்தத்தைக் குணப்படுத்துகிறார்களாமே' என்று சொல்லிக் கொடைக்கானல் காளானை நியாயப்படுத்துவது செல்லாது. அங்கே ஆராயப்படுவது மருந்து மட்டுமல்ல. வடிகட்டல், அளவு, அறை, துணை எல்லாம் சேர்ந்த ஒன்று. அதில் மலையில் கிடைப்பது ஒரு பகுதிதான், அதுவும் அளவு தெரியாமல். மறுபக்கம், நல்ல இடமும் நல்ல மனமும் இருந்தால் எதுவும் ஆகாது என்பதும் தவறு. மனச்சிதைவு வரக்கூடிய உடல்வாகு உள்ளவரை எந்த இசையும் காப்பாற்றாது. நச்சுக் காளானைத் தெரியாமல் தின்றவருக்கு மனநிலை உதவாது.

யாராவது ஏற்கெனவே தின்றுவிட்டுப் பதறினால், அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள், வாதாடாதீர்கள். பள்ளம், ரோடு, தண்ணீர் பக்கமிருந்து விலக்கி, வெளிச்சத்தையும் சத்தத்தையும் குறைத்து, சில மணி நேரத்தில் இறங்கிவிடும் என்று திரும்பத் திரும்பச் சொல்லி, போதையில்லாத ஒருவர் கூடவே இருங்கள். வலிப்பு, நினைவிழப்பு, அடங்காத வெறி இருந்தாலோ, தின்று ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தியும் பேதியும் தொடங்கினாலோ காத்திருக்க வேண்டாம். பிந்தி வரும் வாந்தி கல்லீரலை அழிக்கும் காளானின் அடையாளம். உடனே 108ஐக் கூப்பிட்டு, என்ன தின்றார் என்று மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீதிக் காளான் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.