கேட்ஸ்பிக்கு முன்னால் நின்ற சிறுவன்

ஒரு நாவலின் வாசலில் நின்றிருக்க வேண்டிய சிறுவன் அவன். வயது பதினொன்று. பெயர் ருடால்ஃப் மில்லர். அமெரிக்காவின் நடுமேற்கில் கோதுமை வயல்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில், கண்டிப்பான கத்தோலிக்கத் தந்தைக்குப் பிறந்தவன். எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் ‘தி கிரேட் கேட்ஸ்பி’யில் கேட்ஸ்பி என்ற பணக்காரரைச் சந்திப்பதற்கு முன்பே நாம் இவனைச் சந்தித்திருக்க வேண்டும். ஆனால் 1925-ல் புத்தகம் வந்தபோது அவன் அதில் இல்லை.

நம் பழைய நூல்களில் வரும் பாயிரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பாயிரம் நூலைப் பற்றிப் பேசும்: ஆக்கியோன் பெயர், வழி, நுதலிய பொருள், பயன். நாவலின் முன்கதை அப்படியல்ல. அதுவும் கதைதான்; முதல் அத்தியாயத்துக்கு வெளியே, வேறு காலத்திலோ வேறு ஆளின் பார்வையிலோ நடக்கிற கதை. அது வேண்டுமா, நேரே முதல் அத்தியாயத்துக்குள் இறங்கிவிடலாமா என்று கையெழுத்துப் பிரதியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, ருடால்ஃபின் பயணத்தை விடத் தெளிவான வழக்கு கிடைப்பது அரிது.

1922 கோடையில் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் அடுத்த நாவலைப் பற்றி ஸ்கிரிப்னர்ஸ் பதிப்பகத்தின் எடிட்டர் மேக்ஸ்வெல் பெர்கின்ஸுக்குக் கடிதம் எழுதினார். களம் நடுமேற்கும் நியூயார்க்கும். காலம் 1885 வாக்கில். கத்தோலிக்க மதம் சார்ந்த ஓர் அம்சமும் இருக்கும். இன்று நாம் படிக்கும் கேட்ஸ்பியில் காலமும் மாறிவிட்டது, மதமும் உதிர்ந்துவிட்டது. அந்தப் பழைய திட்டத்தின் வாடை மிச்சமிருப்பது ருடால்ஃபின் கதையில்தான்.

கதை இதுதான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற சிறுவன், பொய் சொல்வதுண்டா என்று பங்குத்தந்தை கேட்டதும், தான் பொய்யே சொல்வதில்லை என்கிறான். அதுவே பொய். அதுவும் பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தில் சொன்ன பொய். இந்தப் பாவத்தோடு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க முடியாது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் உபவாசம் முறிந்துவிடும், வாங்காமல் தப்பிக்கலாம் என்று குழாயடிக்குப் போகிறான். தந்தையிடம் மாட்டி அடிபடுகிறான். இதற்கிடையில் மனதுக்குள் ‘பிளாட்ச்ஃபோர்ட் சார்னெமிங்டன்’ என்று தனக்கொரு ராஜபெயர் வைத்திருக்கிறான். அந்தப் பெயருக்குள் நுழைந்துவிட்டால் எந்தக் குற்றமும் அவனைத் தொடாது. கடைசியில் அவன் பாதிரியாரிடமே போய் எல்லாவற்றையும் சொல்ல, மனம் உடைந்துகொண்டிருக்கும் அந்த மனிதர் அவனிடம் ஒளிவெள்ளமான ஒரு கேளிக்கைப் பூங்காவைப் பற்றிப் பேசுகிறார்: தூரத்தில் நின்று பார், கிட்டே போகாதே.

பெயரை மாற்றிக்கொள்கிறவன், பொய்யைக் கூசாமல் சொல்கிறவன், தூரத்து வெளிச்சத்துக்கு ஏங்குகிறவன். கேட்ஸ்பி மொத்தமும் இந்தச் சிறுவனுக்குள் இருக்கிறான். முன்கதை என்ற முறையில் இதைவிடப் பொருத்தமாக எழுதுவது கடினம். சிக்கலே அங்குதான்.

1924 ஏப்ரலில் ஃபிட்ஸ்ஜெரால்ட் மறுபடி நாவலை எடுத்தார். முந்தைய கோடையில் எழுதியதில் நல்லது நிறைய இருந்தாலும் விட்டுவிட்டு எழுதியதால் பிசிறாக இருக்கிறது, இப்போது புதிய கோணத்தில் அணுகுவதால் நிறையத் தள்ள வேண்டியிருக்கிறது, ஒரு இடத்தில் மட்டும் 18,000 சொற்கள் போயின, அதில் ஒரு பகுதி சிறுகதையாக வரப்போகிறது என்று பெர்கின்ஸுக்கு எழுதினார். அந்தச் சிறுகதைதான் ‘அப்சொலூஷன்’. எச். எல். மென்கனும் ஜார்ஜ் ஜீன் நேதனும் அந்த ஆண்டு ஜனவரியில் தொடங்கியிருந்த ‘தி அமெரிக்கன் மெர்குரி’ இதழில் 1924 ஜூனில் வந்தது. பெர்கின்ஸ் அதைப் பாராட்டியபோது ஃபிட்ஸ்ஜெரால்ட் சொன்ன பதில் சுருக்கமானது: இது நாவலின் முன்கதையாக இருந்திருக்க வேண்டியது, ஆனால் திட்டத்தின் ஒழுங்கைக் கெடுத்தது.

எந்த ஒழுங்கை? அதை அவர் விரிக்கவில்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு காரணங்கள் கண்ணில் படுகின்றன.

முதலாவது, கதையைச் சொல்வது யார் என்பது. 1923-ல் எழுதிய பிரதியில் இன்று எஞ்சியிருப்பது இரண்டே பக்கங்கள். அவை படர்க்கையில் எழுதப்பட்டவை. ‘அப்சொலூஷன்’ கதையும் அப்படித்தான். பாதிரியாரின் மனம், சிறுவனின் மனம், தந்தையின் மனம் என எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து வருகிறது. அச்சான நாவலைச் சொல்வதோ நிக் கேரவே. பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்குத் தெரிந்தது மட்டுமே நமக்குத் தெரியும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில், பாவசங்கீர்த்தனக் கூண்டின் இருட்டில் ஒரு பையன் முணுமுணுத்தது நிக்கின் காதுக்கு எப்படி வரும்? எல்லாம் தெரிந்த ஒரு குரலில் தொடங்கிவிட்டு, அடுத்த பக்கத்தில் பாதி மட்டுமே தெரிந்த ஒருவனிடம் கதையை ஒப்படைத்தால், வாசகர் அவனை விட ஒரு படி மேலே உட்கார்ந்துவிடுவார். நிக்கோடு சேர்ந்து தேட அவருக்கு எதுவும் இருக்காது.

இரண்டாவது, வாசகர் இன்னும் கேட்காத கேள்விக்கு முன்கதை பதில் சொல்லிவிடுகிறது. நாவலின் வரிசையைப் பாருங்கள். முதல் அத்தியாயத்தின் முடிவில் கேட்ஸ்பி ஒரு நிழல் மட்டுமே. இருட்டில் நீருக்கு அப்பால் தெரியும் பச்சை விளக்கை நோக்கிக் கையை நீட்டுகிற உருவம். மூன்றாம் அத்தியாயத்தில் அவர் வீட்டு விருந்துக்கு வந்தவர்கள் அவர் ஆளைக் கொன்றவர் என்கிறார்கள், ஜெர்மன் ஒற்றர் என்கிறார்கள். அதன் பிறகே அவர் முகம் தெரிகிறது. நான்காம் அத்தியாயத்தில் காரில் போகும்போது, பணக்காரக் குடும்பம், ஆக்ஸ்ஃபோர்டு, மான்டெநீக்ரோ நாட்டுப் பதக்கம் என்று தன் வரலாற்றை அவரே அளக்கிறார். நிக் சிரிப்பை அடக்குகிறான். பதக்கத்தைக் கையில் வைத்ததும் நம்பிவிடுகிறான்.

இப்போது முதல் பக்கத்தில் ருடால்ஃபை நிறுத்திவைத்துப் படியுங்கள். விருந்தில் பரவும் வதந்திகள் வெறும் அரட்டையாகிவிடும், ஏனென்றால் நமக்கு உண்மை தெரியும். காரில் கேட்ஸ்பி வாயைத் திறந்ததுமே பொய் என்று தெரியும். நிக்கின் ஊசலாட்டம் நமக்கு வராது. அவன் ஏமாறுவதை மட்டும் வேடிக்கை பார்ப்போம். ‘யார் இந்த மனிதர்?’ என்ற ஒரே கயிற்றில் தொங்குகிற மூன்று அத்தியாயங்களும் தொய்ந்துபோகும். பத்து ஆண்டுகள் கழித்து, 1934-ல் எழுதிய ஒரு கடிதத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் இதையே சொன்னார்: அந்தக் கதை கேட்ஸ்பியின் இளமைச் சித்திரமாக எண்ணப்பட்டது, மர்மத்தைக் காப்பாற்றவே அதை வெட்டினேன்.

வெட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை. வெட்டிய இடத்தில் பள்ளம் விழுந்தது. 1924 அக்டோபர் இறுதியில் பிரதி நியூயார்க்குக்குப் போனது. நவம்பரில் பெர்கின்ஸ் நீண்ட கடிதம் எழுதினார். பாராட்டோடு இரண்டு குறைகளும் அதில் இருந்தன. மற்றவர்கள் எல்லோரும் கண்முன் நிற்கிறார்கள், கேட்ஸ்பி மட்டும் மங்கலாக இருக்கிறார். அவருடைய கடந்த காலம் ஒரே இடத்தில் மொத்தமாகக் கொட்டப்பட்டிருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரச் செய்யலாமே. ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் பதிலில், கேட்ஸ்பி எப்படி இருப்பார், என்ன தொழில் செய்கிறார் என்பது தனக்கே தெரியாமல் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். இப்போது பிடித்துவிட்டேன் என்றும் எழுதினார்.

ரோமில் இருந்தபடி புரூஃபில் திருத்தினார். எட்டாம் அத்தியாயத்தில் கேட்ஸ்பியே சொல்வதாக இருந்த இளமைக் கதை ஆறாம் அத்தியாயத்துக்கு முன்னேறியது: வடக்கு டகோட்டாவின் ஜேம்ஸ் காட்ஸ் பதினேழு வயதில் பெயரை மாற்றிக்கொண்டது, டான் கோடியின் படகில் ஏறியது. இடம் மாற்றிய தழும்பும் தெரிகிறது. இதெல்லாம் வெகு காலம் கழித்தே தனக்குச் சொல்லப்பட்டது, அந்த வதந்திகளை உடைக்கவே இங்கே எழுதுகிறேன் என்று நிக் அந்த இடத்தில் காரணம் சொல்லிக்கொள்கிறான். வதந்திகள் மூன்று அத்தியாயங்கள் வேலை செய்து முடித்த பிறகே உண்மை வருகிறது என்பதைக் கவனியுங்கள். முன்கதையில் இருந்திருக்க வேண்டிய தகவல், கேள்வி பழுத்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொரு துண்டு அதையும் தாண்டிப் போனது. ருடால்ஃபின் தந்தை ரயில்வே அதிபர் ஜேம்ஸ் ஜே. ஹில்லைத் தெய்வமாக நினைப்பவர். நாவலின் ஒன்பதாவது, கடைசி அத்தியாயத்தில் மகனின் சாவுக்கு வரும் கிழவர் ஹென்றி காட்ஸ், உயிரோடு இருந்திருந்தால் இவன் ஜேம்ஸ் ஜே. ஹில் போல வந்திருப்பான் என்கிறார். முன்கதையில் அந்தப் பெயர் ஒரு தந்தையின் குணவிவரம் மட்டுமே. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அதே பெயர் நெஞ்சை அடைக்கிறது.

அப்படியானால் முன்கதையே கூடாதா? டானா டார்ட்டின் ‘தி சீக்ரெட் ஹிஸ்டரி’ (1992) முன்கதையோடுதான் தொடங்குகிறது. பன்னி என்ற மாணவன் இறந்துவிட்டான், அதில் எங்களுக்குப் பங்குண்டு என்று கதைசொல்லி ரிச்சர்ட் முதலிலேயே சொல்லிவிடுகிறான். கொலை நடப்பதோ நாவலின் நடுப்பகுதியில். இது ஏன் நிற்கிறது? பேசுவது நாவல் முழுக்கப் பேசப்போகும் அதே குரல். சொல்லப்படுவதும் ஒரு கேள்வியை மூடிவிடுவதில்லை, ‘யார் செய்தது?’ என்பதை எடுத்துவிட்டு ‘ஏன் செய்தார்கள்?’ என்பதை வைக்கிறது. அந்த முன்கதையை எடுத்துவிட்டால், கிரேக்க மொழி படிக்கும் மாணவர்களின் கல்லூரி வாழ்க்கையாக நகரும் நீண்ட முதல் பாதி அழுத்தமிழந்துவிடும்.

ஆகவே உங்கள் பிரதியில் முன்கதை இருந்தால், அதை எடுத்து வைத்துவிட்டு, நாவலைத் தெரியாத ஒருவரிடம் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் கொடுங்கள். அவர் ‘புரியவில்லை’ என்றால் எந்த வரியில் புரியவில்லை என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த இடத்தில் இரண்டு வாக்கியம் சேர்த்தால் போதும். ‘இந்த ஆள் யார், மேலே சொல்’ என்றால் முன்கதையை வெளியிலேயே விடுங்கள். அதில் உள்ளதைப் பிய்த்து, அந்தக் கேள்வி முற்றுகிற அத்தியாயத்துக்குக் கொண்டுபோங்கள். ‘இதை நான் ஏன் படிக்கிறேன்?’ என்று அவர் சலித்தால் மட்டும் முன்கதையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். அப்போதும் அதைப் பேசுகிற குரலுக்கு நாவலுக்குள் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள்.

‘தி கிரேட் கேட்ஸ்பி’ 1925 ஏப்ரல் 10 அன்று, முன்கதை இல்லாமல், ஒன்பது அத்தியாயங்களோடு வெளிவந்தது. ‘அப்சொலூஷன்’ அடுத்த ஆண்டு ‘ஆல் தி சேட் யங் மென்’ தொகுப்பில் சேர்ந்தது. இன்றும் அது தனிச் சிறுகதையாகவே படிக்கப்படுகிறது. அதில் கேட்ஸ்பி என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை.