காத்திருப்புக் காலம் என்னும் எண்: பொருள்தேவைத் திட்டமிடலின் வரலாற்றில் ஒரு பக்கம்

இந்தியாவில் எம்.ஆர்.பி. என்றால் பொட்டலத்தின் மீது அச்சிடப்பட்டிருக்கும் உச்ச சில்லறை விலைதான் நினைவுக்கு வரும். தொழிற்சாலையின் திட்டப் பிரிவில் அதே மூன்று எழுத்துகளுக்கு வேறு விரிவு உண்டு: மெட்டீரியல் ரிக்வயர்மென்ட்ஸ் பிளானிங், அதாவது பொருள்தேவைத் திட்டமிடல். பல உறுப்புகளைக் கோத்துச் செய்யப்படும் ஒரு பொருளுக்கு எந்த உறுப்பு, எத்தனை, எந்த வாரத்தில் வேண்டும் என்பதைக் கணக்கிடும் முறை அது. இன்று அது ஒரு மென்பொருளின் பகுதியாக மட்டும் அறியப்படுகிறது. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்தால், இரண்டு வினாக்களுக்குத் தெளிவான விடை கண்ட ஒரு துறை, மூன்றாவது வினாவை ஓர் எண்ணால் மூடிவைத்த கதை தெரிகிறது.

இம்முறைக்கு முன்பிருந்த சிந்தனை கிடங்கிலிருந்து தொடங்கியது. 1913இல் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர், ஒரு தடவைக்கு எவ்வளவு செய்தால் செலவு குறையும் என்பதற்கு ஒரு சூத்திரம் வெளியிட்டார். 1934இல் ஆர்.எச்.வில்சன் எழுதிய கட்டுரை, இருப்பு ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கியதும் மறு ஆணை அனுப்பும் முறையை விளக்கியது. இரண்டும் பயன்பாடு ஏறத்தாழச் சீராக இருக்கும் என்று கொண்டவை. கடையில் விற்கும் சோப்புக்கு அது பொருந்தும். கோத்துச் செய்யும் பொருளின் உறுப்புக்குப் பொருந்தாது.

மிதிவண்டித் தொழிற்சாலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அங்கே 100 வண்டிகள் கோக்கப்படுகின்றன. பழைய பாணிக் கறுப்பு வண்டியின் முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 ஸ்போக் கம்பிகள் இருக்கும். பின்சக்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 4,000 கம்பிகள். சராசரி பார்த்தால் வாரத்துக்கு 500. ஆனால் எந்த வாரத்திலும் 500 கம்பிகள் செலவாவதில்லை. ஏழு வாரங்கள் ஒன்றுமே இல்லை, எட்டாவது வாரத்தில் மொத்தமும். மறு ஆணை அளவை 2,500 என்று வைத்திருந்தால், 3,000 கம்பிகள் இருக்கும்வரை கிடங்குக் கணக்கர் கவலையின்றி இருப்பார். சக்கரம் கட்டத் தொடங்கும் நாளில் 1,000 குறையும். மற்றொரு சமயம், ஒரு சுற்று முடிந்த மறுநாளே ஆணை போய், வந்த கம்பிகள் வாரக்கணக்கில் துருப்பிடிக்கக் காத்திருக்கும்.

கிடங்கில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வைத்திருந்தால் போதாதா என்ற கேள்வி எழும். அதற்கான பதில் எளிய நிகழ்தகவில் இருக்கிறது. பத்து உறுப்புகள் சேர்ந்தால்தான் ஒரு பொருள் உருவாகும், ஒவ்வோர் உறுப்பும் தேவைப்படும் நாளில் கையில் இருப்பதற்கு 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு, அவை ஒன்றையொன்று சாராதவை என்று கொள்வோம். பத்தும் ஒரே நாளில் கையில் இருக்கும் வாய்ப்பு 60 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். தனித்தனியே பார்த்தால் நன்றாக நடக்கும் கிடங்கு, சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் இருமுறை கைவிடுகிறது.

முதல் வினா, எத்தனை வேண்டும் என்பது. அதற்குக் கணித வடிவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் ஆண்ட்ரூ வாசோனி. புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்ற அவர், எந்த உறுப்பு எந்த உறுப்புக்குள் எத்தனை போகிறது என்பதை ஓர் அட்டவணையாக எழுதினால், முழுத் தேவையையும் அணிக் கணிதத்தால் பெறலாம் என்று 1954இல் வெளியான கட்டுரையில் காட்டினார். இதை விளக்கும் வரைபடத்துக்கு ‘கோசின்டோ’ என்று பெயர். செபர்ட்சட் கோசின்டோ என்னும் புகழ்பெற்ற இத்தாலியக் கணிதவியலாளர் கண்டுபிடித்தது என்று வாசோனி குறிப்பிட்டார். அப்படி ஒருவர் இருந்ததே இல்லை. ‘தி பார்ட் தட் கோஸ் இன்டு’ என்னும் ஆங்கிலத் தொடரை வேகமாகச் சொன்னால் எழும் ஒலிதான் அந்த இத்தாலியர். உள்ளே போகும் உறுப்பு என்பதே அதன் பொருள். சொற்களின் எல்லை அழிந்து பிறந்த அந்தப் பெயர் பின்னர் பாடநூல்களில் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது.

இரண்டாம் வினா, எப்போது வேண்டும் என்பது. இதை நடைமுறைப்படுத்தியவராக நினைக்கப்படுபவர் ஜோசப் ஆர்லிக்கி. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த அவர், 1960களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்தில் டிராக்டர் செய்த ஜே.ஐ.கேஸ் நிறுவனத்தில் உற்பத்திக் கட்டுப்பாட்டில் பணியாற்றினார், பிறகு ஐ.பி.எம். சென்றார். அவர் வலியுறுத்திய வேறுபாடு சுருக்கமானது. வாடிக்கையாளர் எத்தனை டிராக்டர் வாங்குவார் என்பது சுயேச்சையான தேவை. அதை முன்கணிக்கத்தான் வேண்டும். அந்த டிராக்டருக்கு எத்தனை சக்கரம் வேண்டும் என்பது சார்ந்த தேவை. அதை முன்கணிப்பது வீண், கணக்கிட்டாலே போதும்.

அந்தக் கணக்கை மிதிவண்டியில் நடத்திப் பார்க்கலாம். 100 வண்டிகள் ஒன்பதாம் வாரத் தொடக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். கோப்பதற்கு ஒரு வாரம் ஆகும். ஆகவே எட்டாம் வாரத் தொடக்கத்தில் 100 பின்சக்கரங்கள் தேவை. கட்டி முடித்த சக்கரங்கள் 20 ஏற்கெனவே இருப்பில் உள்ளன. செய்ய வேண்டியவை 80. சக்கரம் கட்டி நேர்செய்ய ஒரு வாரம் என்றால், ஏழாம் வாரத் தொடக்கத்தில் 80 ரிம், 80 ஹப், 3,200 கம்பிகள் கைக்கு வந்திருக்க வேண்டும். தேவை 4,000 அன்று, 3,200 என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டிய 20 சக்கரங்களுக்குள் 800 கம்பிகள் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் இருப்பைக் கழித்த பிறகே அடுத்த படிக்கு இறங்க வேண்டும் என்ற விதியின் பயன் இதுதான்.

கம்பிகள் 1,000 இருப்பில் இருக்கின்றன. வாங்க வேண்டியவை 2,200. வழங்குநர் 144 கொண்ட குரோஸ் கணக்கில்தான் விற்பார் என்றால் 16 குரோஸ், அதாவது 2,304 வாங்க வேண்டும். ஆணை கொடுப்பதற்கும் பொருள் வருவதற்கும் இடைப்பட்ட காத்திருப்புக் காலம் கம்பிக்கு நான்கு வாரம், ரிம்முக்கு இரண்டு, ஹப்புக்கு ஆறு என்று கொள்வோம். ஏழாம் வாரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ரிம்முக்கான ஆணை ஐந்தாம் வாரத்திலும், கம்பிக்கானது மூன்றாம் வாரத்திலும், ஹப்புக்கானது முதல் வாரத்திலும் போக வேண்டும். வண்டிகளுக்கான உத்தரவே இரண்டாம் வாரத்தில்தான் வந்தது என்றால், ஹப் வாங்க வேண்டிய நாள் கடந்துபோயிருக்கும். கணக்கு கடந்த காலத் தேதியை விடையாகத் தருவதே திட்டம் நிறைவேறாது என்பதன் முதல் அறிகுறி. வழங்குநரை விரைவுபடுத்துவதா, வண்டியின் தேதியைத் தள்ளுவதா என்பதைத் திட்டமிடுபவர் அன்றே முடிவு செய்யலாம்.

இந்தக் கணக்கில் பெருக்கலும் கழித்தலும் தவிர வேறொன்றும் இல்லை. ஆயினும் ஒரு டிராக்டரில் உள்ள எண்ணற்ற உறுப்புகளுக்கும் படிப்படியாக இதைக் கையால் போடுவதற்குள் திட்டமே மாறிவிடும். 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் வட்டு நினைவகம் 50 வட்டுகளில் 50 லட்சம் எழுத்துகளை வைத்திருந்தது. அட்டைக் கட்டுகளை வரிசைப்படுத்தாமல், வேண்டிய பதிவை நேரே எடுக்க முடிந்தது. உறுப்புப் பட்டியலையும் இருப்பையும் உறுப்புக்கு உறுப்பு தேடிச் செல்ல வழி திறந்தது அத்தகைய கருவிகளால்தான். 1972இல் அமெரிக்க உற்பத்தி, இருப்புக் கட்டுப்பாட்டாளர் சங்கமான ஏபிக்ஸ் இம்முறையைப் பரப்ப ஒரு பேரியக்கமே நடத்தியது. ஆர்லிக்கி, ஜார்ஜ் பிளாசல், ஆலிவர் வைட் மூவரும் அதன் முன்னணியில் நின்றனர். ஆர்லிக்கியின் நூல் 1975இல் வெளிவந்தது.

மூன்றாம் வினா இவ்விடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. கம்பிக்கு நான்கு வாரம் என்ற எண் எங்கிருந்து வந்தது? உறுப்புப் பட்டியலில் 40 என்ற எண் பொருளின் இயல்பு. சக்கரத்தைப் பார்த்தே எண்ணிச் சரிபார்க்கலாம். இருப்பு 1,000 என்பதையும் கிடங்கில் எண்ணிப் பார்க்கலாம். நான்கு வாரம் என்பது அப்படியல்ல. கம்பியை நீட்டி, வெட்டி, மரையிட்டு, முலாம் பூசுவதற்கு ஆகும் நேரம் அதில் சிறு பகுதி. பெரும்பகுதி, வழங்குநரின் பட்டறையில் மற்றவர்களின் ஆணைகளுக்குப் பின்னால் இந்த ஆணை நிற்கும் வரிசை. வரிசை நீண்டால் காலம் நீளும், சுருங்கினால் குறையும். கணக்கோ 16 குரோஸுக்கும் 160 குரோஸுக்கும் அதே நான்கு வாரத்தையே எடுத்துக்கொள்கிறது. வழங்குநரின் திறனுக்கு எல்லை இல்லை என்பது அதன் சொல்லாத அனுமானம்.

அதன் விளைவு நூதனமானது. வேலை கூடியதால் வழங்குநர், இனி ஆறு வாரம் ஆகும் என்று அறிவிக்கிறார். திட்டப் பிரிவு பதிவேட்டில் நான்கை ஆறாக மாற்றுகிறது. மறு கணக்கில், அடுத்த இரு வாரங்களில் போயிருக்க வேண்டிய ஆணைகளும் இன்றே கிளம்புகின்றன. மிதிவண்டி விற்பனை ஒன்றும் கூடவில்லை. ஆனால் வழங்குநரின் மேசையில் ஆணைகள் குவிகின்றன. வரிசை இன்னும் நீள்கிறது. அவர் எட்டு வாரம் என்கிறார். எல்லா வாடிக்கையாளரும் இதையே செய்யும்போது, இல்லாத பஞ்சம் ஒன்று காகிதத்தில் உருவாகிறது. பின்னர் அறிவிக்கப்பட்ட காலம் குறையத் தொடங்கும்போது இதே சக்கரம் எதிர்த்திசையில் சுழல்கிறது: ஆணைகள் திடீரென நிற்கின்றன. காத்திருப்புக் கால நோய்க்குறி என்று பெயர் பெற்ற இதைக் குறித்து எச்சரித்தவர்களில் பிளாசலும் ஒருவர். இம்முறையைப் பரப்பியவர்களே அதன் நோயையும் கண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது.

இதை அடையாளம் காண ஓர் எளிய ஒப்பீடு போதும். வழங்குநரிடம் நிற்கும் ஆணைகளின் அளவு வளர, வாரந்தோறும் வந்து சேரும் கம்பிகளின் எண்ணிக்கை மாறாமலே இருந்தால், வளர்வது தேவை அன்று, வரிசை. அப்போது பதிவேட்டில் எண்ணை உயர்த்துவது தீயில் நெய் ஊற்றுவதாகும். பிளாசலின் தரப்பு கூறிய மாற்று, ஆணையை முன்கூட்டி அனுப்புவதற்குப் பதிலாக வழங்குநரின் வாராந்தரத் திறனில் ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்வது. வாரத்துக்கு இத்தனை குரோஸ் என்று உறுதி கூறிவிட்டு, எந்த நீளக் கம்பி என்பதைக் கடைசி நேரத்தில் சொன்னால், வழங்குநரின் வரிசையில் நிற்க வேண்டிய அவசியமே குறைகிறது. அதற்கு இரு நிறுவனங்களுக்கும் இடையே நம்பிக்கையும் நிலையான ஒப்பந்தமும் வேண்டும்; கணினியால் அவற்றைக் கணக்கிட்டுத் தர முடியாது.

வாசோனியின் அட்டவணையும் ஆர்லிக்கியின் பின்னோக்கிய எண்ணிக்கையும் இன்றைய நிறுவன மென்பொருள்களில் ஏறத்தாழ அப்படியே இயங்குகின்றன. ஒவ்வோர் உறுப்பின் பதிவிலும் காத்திருப்புக் காலத்துக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் யாரோ ஒருவர் என்றோ இட்ட எண் உட்கார்ந்திருக்கும். உறுப்பின் எடை, விட்டம், நீளம் ஆகியவற்றுக்கு அருகிலேயே அது இடம்பெறுவதால், அதுவும் உறுப்பின் ஓர் இயல்பு போலவே தோன்றுகிறது. உண்மையில் அது கம்பியைப் பற்றிய செய்தி அன்று. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையில் ஒரு குறிப்பிட்ட நாளில் இருந்த வரிசையைப் பற்றிய செய்தி.