தனித்த கொசைன் உருமாற்றம்: அச்சு மாற்றமும் படச் சுருக்கமும்

1972-ல் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் நசீர் அகமது, கொசைன் உருமாற்றத்தை ஆராய அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. ஆயினும் டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1974 சனவரியில் வெளியானது.

அதன் அடிப்படையை இரு எண்களில் காணலாம். அடுத்தடுத்த இரு படப்புள்ளிகளின் மதிப்பு 100, 104 என்க. ஒன்றுக்கொன்று செங்குத்தான, அலகு நீளமுள்ள இரு புதிய அச்சுகளில் இவற்றை எழுதுவோம். கூட்டுத்தொகையை √2 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 144.25, வித்தியாசத்தை வகுத்தால் 2.83. அச்சு மாறினாலும் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 20816 மாறுவதில்லை. அதில் 20808 முதல் எண்ணிலேயே அடங்கிவிடுகிறது. இரண்டாம் எண்ணை விட்டுவிட்டு மீட்டால் 102, 102 கிடைக்கும். பிழைகளின் வர்க்கக் கூட்டுத்தொகை 8. அது விட்ட எண்ணின் வர்க்கமே. ஆகவே எதை விட்டால் எவ்வளவு இழப்பு என்பது முன்கூட்டியே தெரியும்.

1992-ல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, 8×8 கட்டங்களில் 64 அச்சுகளைக் கொண்டு இதையே செய்கிறது. எழுத்துகளின் கூரிய ஓரங்களில் பல அச்சுகளின் எண்கள் பெரிதாக இருக்கும். அவற்றைத் தோராயப்படுத்தும்போது ஓரங்களைச் சுற்றிச் சிற்றலைகள் தென்படும்.