முகநூல் கணக்கு இல்லையா? எதைப் பார்க்கலாம், எது திறக்காது?

தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டம், ஆலயத் திருவிழா நிகழ்ச்சி நிரல், துக்கச் செய்தி எல்லாம் இப்போது அறிவிப்புப் பலகைக்கு வருமுன் முகநூலுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் முகநூல் கணக்கே திறக்காத பெரியவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கணக்கு இருந்தும் கடவுச்சொல்லை மறந்து வெளியே நிற்பவர்களும் உண்டு. இவர்கள் எதையுமே பார்க்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

ஒரு பதிவை யார் பார்க்கலாம் என்பதை அதைப் போடுபவர்தான் முடிவு செய்கிறார். பெயருக்குக் கீழே, நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய படம் இருக்கும். பூமி உருண்டை இருந்தால் அது பொதுப் பதிவு. முகநூலில் இல்லாதவர் உட்பட யாரும் பார்க்கலாம். ஆட்களின் உருவம் இருந்தால் நண்பர்களுக்கு மட்டும். பூட்டு இருந்தால் போட்டவருக்கு மட்டும்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். ஜொகூரில் கூலாய் பக்கம் ஒரு பாட்டி. மகனும் மருமகளும் சிங்கப்பூரில் வேலை செய்வதால் பேரனைப் பள்ளிக்கு அனுப்புவது பாட்டியின் பொறுப்பு. கூட்ட அறிவிப்பின் இணைப்பை மருமகள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பாட்டி அதைத் தட்டியதும் மின்னஞ்சல், கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நிற்கிறது.

இதில் முதல் சிக்கல் பெரும்பாலும் கைப்பேசியில்தான். பல கைப்பேசிகளில் முகநூல் செயலி வாங்கும்போதே இருக்கும். இணைப்பைத் தட்டினால் அந்தச் செயலி முந்திக்கொண்டு திறக்கும். கணக்கில் நுழையாமல் செயலி எதையும் காட்டாது. அதே இணைப்பைக் குரோம் போன்ற உலாவியில் திறந்தால் கதை வேறு. வாட்ஸ்அப்பில் செய்தியை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, குரோமின் மேல்பகுதியில் உள்ள முகவரிக் கட்டத்தில் ஒட்ட வேண்டும். நகலெடுக்கும்போது "அத்தை, இதைப் பாருங்கள்" என்று மருமகள் எழுதிய சொற்களும் கூடவே வந்துவிடும். அவற்றை அழித்து, https என்று தொடங்கும் பகுதியை மட்டும் விட வேண்டும். இல்லாவிட்டால் குரோம் அதைக் கூகுளில் தேடப் போய்விடும்.

உலாவியிலும் "Log in" என்று ஒரு பெட்டி குறுக்கே வரும். அதன் மூலையில் பெருக்கல் குறி இருந்தால் அதைத் தட்டி மூடலாம். பின்னால் இருக்கும் பதிவு தெரியும். பெருக்கல் குறி இல்லையென்றால், குரோமின் மூன்று புள்ளிகளைத் தட்டி "Desktop site" என்பதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். எழுத்து சிறிதாகத் தெரியும், ஆனால் பல சமயம் வழி கிடைக்கும்.

இப்படிச் செய்தும் திறக்கவில்லையென்றால், அறிவிப்பு எங்கே போடப்பட்டது என்று பார்க்க வேண்டும். பள்ளியின் சொந்தப் பக்கத்தில் இருந்தால் பாட்டிக்குத் தெரிந்திருக்கும். இணைப்பில் groups என்ற சொல் இருந்தால் அது ஒரு குழுவுக்குள் இருக்கிறது. குழு பொதுவானது என்றால் படிக்கலாம். தனிக் குழு என்றால் அதன் பெயர், அறிமுக வரிகள் போன்றவைதான் வெளியாருக்குத் தெரியக்கூடும், பதிவுகள் தெரியாது. மூன்றாவதாக, ஓர் ஆசிரியர் அதைத் தம் சொந்தக் கணக்கில் நண்பர்களுக்கு மட்டும் போட்டிருக்கலாம். அப்போது உள்நுழையச் சொல்லும் பக்கமோ, "This content isn't available right now" என்ற வரியோதான் வரும். அழிக்கப்பட்ட பதிவுக்கும் இதே வரிதான். ஆகவே அதை வைத்து அறிவிப்பு ரத்தாகிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

குழப்பம் தரும் இன்னொன்றும் உண்டு. நண்பர்களுக்கு மட்டும் போட்ட பதிவை ஒருவர் எடுத்துப் பொதுவில் பகிர்ந்தால், பகிர்ந்தவர் எழுதிய வரி எல்லாருக்கும் தெரியும். உள்ளே இருக்கும் மூலப் பதிவு தெரியாது. "அவசியம் வாருங்கள்" என்ற வரிக்குக் கீழே வெற்றுப் பெட்டி இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். வயது வரம்போ நாட்டு வரம்போ வைத்த பக்கங்களும் வெளியாருக்குத் திறக்காது. உள்ளே நுழையாதவரின் வயதை முகநூல் அறிய வழியில்லை அல்லவா?

பொதுப் பக்கமே ஆனாலும் எல்லை உண்டு. சில பதிவுகளைத் தாண்டிக் கீழே இறங்கியதும் உள்நுழைவுப் பெட்டி மறுபடி வரும். இந்தமுறை அதை மூட முடியாமலும் போகலாம். எத்தனை பதிவுக்குப் பிறகு என்பது நிலையானதல்ல. அதனால் பக்கத்தின் முகவரியைவிடக் குறிப்பிட்ட பதிவின் இணைப்பைக் கேட்டு வாங்குவதே நல்லது. கருத்துகளில் சில மட்டுமே தெரியும். விருப்பம் தெரிவிக்கவோ, கருத்து எழுதவோ, பக்கத்துக்குச் செய்தி அனுப்பவோ முடியாது. முகநூலுக்குள் தேடவும் முடியாது. அதற்குக் கூகுளில் இப்படித் தட்டச்சு செய்து, பின்னால் பள்ளியின் பெயரைச் சேர்க்கலாம்:

```
site:facebook.com SJKT
```

அண்மையில் போட்ட பதிவு கூகுளில் உடனே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பக்கத்தைக் கண்டுபிடிக்க மட்டும் இது உதவும்.

இந்த உள்நுழைவுப் பெட்டிக்குப் பழகிப்போனவர்களை ஏமாற்றுவதும் எளிது. பொதுப் பதிவைப் பார்க்க அடையாள அட்டை எண், வங்கி விவரம், கைப்பேசிக்கு வரும் டேக் எண் எதுவும் தேவையில்லை. அப்படிக் கேட்டால் உடனே மூடிவிட வேண்டும். முகவரியில் facebook.com என்பதற்கு முன்னும் பின்னும் வேறு சொற்களை ஒட்டிப் போலிப் பக்கம் செய்வார்கள். முகவரியில் https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன் facebook.com என்று முடிகிறதா, அதற்கு முன்னால் ஏதாவது இருந்தால் அது புள்ளியால் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். www.facebook.com/ என்பது சரி. facebook.com.வேறுபெயர்/ என்பது போலி. பூட்டிய பதிவைத் திறந்து காட்டுவதாகச் சொல்லும் செயலிகளையும் நம்பக் கூடாது. பூட்டு முகநூலின் கணினியில் இருக்கிறது. கைப்பேசியில் எதைப் பதிவிறக்கினாலும் அது திறக்காது.

அறிவிப்புப் போடும் ஆலய நிர்வாகத்தினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரும் தங்கள் பதிவு வெளியே தெரிகிறதா என்று அரை நிமிடத்தில் சோதிக்கலாம். குரோமின் மூன்று புள்ளிகளைத் தட்டி "New Incognito tab" என்பதைத் திறந்து, அங்கே பதிவின் இணைப்பை ஒட்டினால் போதும். கணக்கில்லாத பாட்டி காண்பதைப் போன்ற காட்சிதான் அங்கே வரும். தேதியும் நேரமும் படத்துக்குள் மட்டும் இருக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும். படத்தைப் பெரிதாக்கத் தட்டினால் வெளியாருக்கு உள்நுழைவுப் பெட்டி வரக்கூடும் என்பதால், தேதி, நேரம், இடம் மூன்றையும் பதிவின் எழுத்திலும் சேர்ப்பது நல்லது. அதே வேளையில் மாணவர் பெயர்ப் பட்டியல், நன்கொடை கேட்பவரின் அடையாள அட்டை நகல் போன்றவை பூமி உருண்டையோடு போகின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். பிறகு நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினாலும், அதற்குள் யாராவது திரைப்பிடிப்பு எடுத்திருந்தால் அதை முகநூலால் திரும்பப் பெற முடியாது.